வெளிநாட்டு வேலைக்குக் கடன் வாங்கலாமா? முகவர் கேட்கும் தொகையை எடைபோடுவது எப்படி?

கொச்சி: "இப்போது ஒன்றரை லட்சம் புரட்டிக் கொடுங்கள், அங்கே போய்ச் சேர்ந்தால் ஆறே மாதத்தில் எடுத்துவிடலாம்." வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் முகவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கையில் பணம் இல்லை என்றால், கடன் கொடுப்பவரையும் சில முகவர்களே காட்டிவிடுகிறார்கள். நகையோ, வீட்டுப் பத்திரமோ அடகுக்குப் போகிறது. வேலை தொடங்குவதற்கு முன்பே வட்டி தொடங்கிவிடுகிறது.

இப்படி வாங்கும் கடன் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துமா, அல்லது வேலைக்குப் போனவரை அந்த வேலையிலேயே கட்டிப்போடுமா? புறப்படுவதற்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட முடியும். சட்டம் அனுமதிக்கும் தொகை எவ்வளவு, மாதம் உண்மையில் எவ்வளவு மிஞ்சும், சொன்ன சம்பளம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்று விவரங்கள் தெரிந்தால் போதும்.

ரூ.19,500 எப்படி ரூ.19.5 லட்சம் ஆனது?

வேலைக்கான கட்டணம் எந்த அளவுக்குக் கட்டுமீற முடியும் என்பதற்குக் கொச்சியிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. குவைத் நாட்டின் சுகாதார அமைச்சகத்துக்குச் செவிலியர்களைத் தேர்வு செய்து அனுப்பும் பணியைக் கொச்சியில் இயங்கிய அல் சராஃபா என்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் பெற்றிருந்தது. ஒரு செவிலியரிடம் சேவைக் கட்டணமாக ரூ.19,500 பெறலாம் என்பது ஏற்பாடு. அப்போது நடைமுறையில் இருந்த விதிகளின்படி முகவர் ஒருவர் வசூலிக்கக்கூடிய அதிகபட்சத் தொகையே ரூ.20,000தான்.

ஆனால் ஒவ்வொருவரிடமும் ரூ.19.5 லட்சம் வரை வசூலிக்கப்பட்டது என்று மத்தியப் புலனாய்வு அமைப்பான சிபிஐ குற்றம்சாட்டியது. அதாவது, அனுமதித்த தொகையைப் போல நூறு மடங்கு. அனுப்பப்பட இருந்தவர்கள் சுமார் 1,200 பேர். அத்தனை பேரிடமும் இதே தொகை பெறப்பட்டால் மொத்தம் ரூ.234 கோடி. 2015-ஆம் ஆண்டில் வருமான வரித் துறையின் சோதனையைத் தொடர்ந்து விவகாரம் வெளியே வந்தது. நிறுவன உரிமையாளர் உதுப் வர்கீஸ் வெளிநாட்டில் இருந்ததால் இன்டர்போல் மூலம் தேடப்பட்டார். 2017 மார்ச் மாதம் கொச்சி விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அவர் கைது செய்யப்பட்டார்.

இந்த வழக்கில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நிறுவனம் உரிமம் பெற்றது. வேலையும் கற்பனை வேலை அல்ல; ஒரு நாட்டின் அரசு மருத்துவமனை வேலை. முறைகேட்டைத் தடுக்க வேண்டிய, கொச்சியில் இருந்த குடிபெயர்வோர் பாதுகாவலர் பொறுப்பில் இருந்த அதிகாரியே உடந்தையாக இருந்தார் என்பதும் சிபிஐயின் குற்றச்சாட்டு. ஆக, உரிமம் இருக்கிறதா, வேலை உண்மையா என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு இந்தக் கடன் ஆபத்தானது என்பது தெரிந்தே இருக்காது. கேட்கப்பட்ட தொகைதான் இங்கே அபாய அறிவிப்பு.

இதன் பிறகு மத்திய அரசு விதியை மாற்றியது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்கள் அரசு நிறுவனங்கள் வழியாகவே செல்ல வேண்டும் என்று 2015-இல் உத்தரவிடப்பட்டது. கேரளத்தில் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகியவை அப்படிப்பட்டவை. தமிழ்நாட்டில் இதே பணியைச் செய்வது தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். செவிலியர் அல்லாத மற்றவர்கள் இன்னமும் பெரும்பாலும் தனியார் முகவர்களை நம்பியே செல்கிறார்கள்.

சட்டம் அனுமதிப்பது எவ்வளவு?

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்துவது 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்து சான்று பெறாத எவரும் ஆள் சேர்க்கக் கூடாது. பதிவு பெற்ற முகவர், வேலைக்குச் செல்பவரிடம் அதிகபட்சமாக ரூ.30,000 சேவைக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பெறலாம். இரண்டும் சேர்ந்து ரூ.35,400. அதற்கு ரசீது தர வேண்டியது முகவரின் கடமை.

ஊருக்குள் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிச் செல்லும் துணை முகவருக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவு பெற்ற பெரிய நிறுவனத்தின் பெயரை அவர் சொல்லலாம். அதன் முத்திரை பதித்த அட்டையையும் காட்டலாம். பதிவு அவர் பெயரில் இல்லை என்றால், அவர் செய்யும் ஆள்சேர்ப்பு சட்டவிரோதமானது. இருந்தும், பெரும்பாலான கூடுதல் பணம் கைமாறுவது இந்த இடத்தில்தான். கிராமத்து அறிமுகம், உறவுமுறை, பள்ளிவாசலிலோ கோயிலிலோ பார்த்த பழக்கம் ஆகியவை ரசீதின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

வேலை தரும் நாடுகளின் சட்டமும் பெரும்பாலும் தொழிலாளியின் பக்கமே இருக்கிறது. சவுதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, ஆள்சேர்ப்புக் கட்டணம், தங்கும் அனுமதி, வேலை அனுமதி ஆகியவற்றின் செலவு வேலை கொடுப்பவரைச் சேர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதைத் தடை செய்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் தொழிலாளியிடம் கட்டணம் பெறக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆகவே இங்கே ரூ.30,000 என்ற வரம்பு நிற்கிறது.

எனவே "விசாவுக்கு மட்டும் எண்பதாயிரம்" என்று ஒரு முகவர் சொன்னால், அந்தச் செலவை முதலாளி ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நிலை. அதே செலவைத் தொழிலாளியிடமும் வாங்குவது இரட்டை வசூல். முதலாளி கொடுக்கவே இல்லை என்றால், சட்டத்தை மதிக்காத அந்த முதலாளி சம்பள விஷயத்தில் மட்டும் எப்படி நடந்துகொள்வார் என்பதை யோசிக்க வேண்டும்.

தவறு செய்தவருக்கான தண்டனை இந்தச் சட்டத்தில் பெரிதல்ல. வரம்பை மீறி வசூலித்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் ரூ.2,000 வரை அபராதமும் என்கிறது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். லட்சங்களை வசூலிப்பவரை இந்த அபராதம் அச்சுறுத்தாது. பணம் கைமாறிய பிறகு மீட்பது கடினம் என்பதால், எச்சரிக்கை முழுவதும் பணம் கொடுப்பதற்கு முன்பே தேவைப்படுகிறது.

ஒரு கணக்கு: கொச்சங்காடியிலிருந்து துபாய்க்கு

மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் வசிக்கும் கட்டுமானத் தொழிலாளி ஒருவரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். துபாயில் மாதம் 1,500 திர்ஹாம் சம்பளம், தங்குமிடம் இலவசம், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று முகவர் சொல்கிறார். கேட்கும் தொகை ரூ.1,50,000. ஒரு திர்ஹாமுக்கு ரூ.23 என்று வைத்துக்கொண்டால் சம்பளம் ரூ.34,500. "ஐந்து மாதச் சம்பளத்தில் கடன் தீர்ந்துவிடும்" என்று முகவர் சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான்.

முதல் பிழை இங்கேயே இருக்கிறது. கடனைச் சம்பளம் அடைப்பதில்லை. சம்பளத்தில் மிஞ்சுவதுதான் அடைக்கிறது. சாப்பாடு, தொலைபேசி, சோப்பு, மருந்து என்று அங்கே 500 திர்ஹாம் செலவானால் மீதம் 1,000 திர்ஹாம், அதாவது ரூ.23,000. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, அடுப்படிச் செலவு என்று குடும்பத்துக்கு ரூ.14,000 தேவை என்றால், கடனுக்குப் போகக்கூடியது மாதம் ரூ.9,000 மட்டுமே.

இரண்டாவது பிழை வட்டியில். கடன் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கப்படுகிறது என்று கொள்வோம். காதுக்குச் சிறிதாகக் கேட்கும் இந்த 'மூன்று வட்டி' மாதத்துக்கானது. ஆண்டுக்கு 36 சதவீதம். பணம் கொடுத்த நாளிலிருந்து விசா வந்து, பயணம் செய்து, முதல் சம்பளம் ஊருக்கு வந்து சேர மூன்று மாதம் ஆனால், அதற்குள் ரூ.13,500 வட்டி சேர்ந்துவிடும். முதல் தவணை கட்டும்போது கடன் ரூ.1,63,500. அந்த மாத வட்டி மட்டும் ரூ.4,905. கட்டும் ஒன்பதாயிரத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது.

இப்படியே மாதந்தோறும் தவறாமல் ரூ.9,000 கட்டினால் கடன் தீர 27 மாதங்கள் ஆகும். ஒப்பந்தமோ 24 மாதங்கள். ஒரு நாள்கூட நோயில் படுக்காமல், ஒரு மாதச் சம்பளம்கூடத் தள்ளிப்போகாமல் உழைத்துத் திரும்பினாலும், ஊரில் சுமார் ரூ.22,500 கடன் காத்திருக்கும். ஒன்றரை லட்சத்துக்கு அவர் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை ஏறக்குறைய ரூ.2.4 லட்சம்.

இதே தொழிலாளி சட்டப்படியான ரூ.35,400-ஐ மட்டும் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதையும் வங்கியில் நகையை வைத்து, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் பெறுகிறார். அதே மூன்று மாதக் காத்திருப்பு, அதே ரூ.9,000 தவணை. ஐந்தாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். மொத்தச் செலவு சுமார் ரூ.37,400. வேலை ஒன்று, சம்பளம் ஒன்று, உழைப்பும் ஒன்று. ஐந்து மாதத்துக்கும் இருபத்தேழு மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை உண்டாக்கியவை, முகவர் கேட்ட கூடுதல் தொகையும் கடனின் வட்டியும்தான்.

ஊரிலேயே இருந்திருந்தால்?

கடனை எடைபோடும்போது பலரும் விட்டுவிடும் ஒப்பீடு இது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2022-23-இல் கேரளத்தின் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி ரூ.852.5. நாட்டிலேயே மிக உயர்ந்த கூலிகளில் ஒன்று இது. மாதம் 24 நாள் வேலை கிடைத்தால் சுமார் ரூ.20,460 வரும்.

துபாய்க்குச் சென்றவர் தம் செலவு போக இரண்டு ஆண்டுகளில் ஊருக்கு அனுப்பக்கூடியது ரூ.5,52,000. ஒன்றரை லட்சக் கடனுக்காகக் கட்டியதும், ஒப்பந்தம் முடியும்போது மீதமிருக்கும் பாக்கியுமாக ரூ.2,38,500-ஐக் கழித்தால் ரூ.3,13,500 நிற்கிறது. மாதக் கணக்கில் சுமார் ரூ.13,000. சட்டப்படியான கட்டணத்தோடு போயிருந்தால் இது மாதம் ரூ.21,400-க்கு மேல். ஊரில் சம்பாதிக்கும் ரூ.20,460-இல் அவருடைய சாப்பாட்டுச் செலவும் அடங்கும் என்பது உண்மை. ஆனாலும் மூன்று வட்டிக் கடனோடு கடல் கடப்பவர், ஊரில் நின்றவரைவிட முந்தவில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

தமிழ்நாட்டின் சில மாவட்டங்களிலோ, வட மாநிலங்களிலோ கூலி குறைவாக இருப்பவருக்கு இந்த ஒப்பீடு வேறு விடை தரும். வேலையே இல்லாதவருக்கும் அப்படித்தான். ஆகவே அவரவர் ஊர்க் கூலியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அண்டை வீட்டுக்காரர் போய் வந்து மாடி கட்டினார் என்பது கணக்காகாது. அவர் எந்த ஆண்டில் போனார், எவ்வளவு கொடுத்தார் என்பது தெரிந்தால்தான் அது உதவும்.

சொன்ன சம்பளம் வேறு, தந்த சம்பளம் வேறு

மேலே போட்ட கணக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தால் வரும் விடை. வெளிநாட்டு வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் மோசடி, ஒப்பந்தத்தை மாற்றுவது. இங்கே ஒரு தாளில் கையெழுத்து. அங்கே இறங்கியதும் குறைந்த சம்பளம் எழுதிய வேறு தாள். 1,500 திர்ஹாமுக்குப் பதில் 1,200 திர்ஹாம் தருகிறார்கள் என்று கொள்வோம். முந்நூறு திர்ஹாம் குறைவு, ரூபாயில் 6,900.

கடனுக்காக ஒதுக்கிய ரூ.9,000 இப்போது ரூ.2,100 ஆகிவிடுகிறது. ஆனால் அந்த மாத வட்டியே ரூ.4,905. கட்டக் கட்டக் கடன் குறைவதற்குப் பதிலாக, முதல் மாதத்திலேயே ரூ.2,805 கூடுகிறது, அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் அதிகமாகக் கூடும். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும், இருபத்தேழு மாதத்தில் தீர வேண்டிய கடன் தீராத கடனாக மாறிவிடுகிறது.

கடன் இல்லாத தொழிலாளி இந்த இடத்தில் மறுத்துப் பேசலாம், புகார் கொடுக்கலாம், ஊருக்குத் திரும்பலாம். கடன் வாங்கியவருக்கு இந்த வழிகள் அடைபட்டுவிடுகின்றன. திரும்பினால் வட்டிக்காரர் வாசலில் நிற்பார் என்பது தெரிவதால், குறைந்த சம்பளத்தையும், கூடுதல் நேர வேலையையும், பூட்டிவைக்கப்பட்ட பாஸ்போர்ட்டையும் பொறுத்துக்கொள்கிறார். இதை அறிந்தே சில முதலாளிகள் சம்பளத்தைக் குறைக்கிறார்கள்.

தமிழர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. இலங்கையின் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்த கங்காணிகள், வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தார்கள். தோட்டத்தில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. அவருடைய கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அந்தத் தோட்டம் துண்டில் கண்ட கடனை அடைத்தாக வேண்டும். ஆளைப் பிடித்து வைத்தது காவல் அல்ல, அந்தக் காகிதம். இம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு போய்விட்டது, வேலை கிடைப்பதற்காக வாங்கிய கடன் தொழிலாளியைப் பிணைக்கும் முறை மட்டும் வேறு உருவில் தொடர்கிறது.

கட்டணமே இல்லை என்றாலும் கவனம் தேவை

பணம் கேட்காத முகவர் எல்லோரும் நேர்மையானவர் என்று முடிவு செய்துவிடவும் முடியாது. 2022-இல் கொச்சியிலிருந்து வீட்டு வேலைக்காகக் குவைத்துக்கு அனுப்பப்பட்ட பெண்கள் சிலர் திரும்பி வந்து காவல் துறையில் புகார் அளித்தனர். செலவு ஏதும் இல்லை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டதாகவும், ஊருக்குத் திரும்ப விரும்பியபோது லட்சக்கணக்கில் பணம் கேட்கப்பட்டதாகவும் அவர்கள் கூறினர். இங்கே கடன் முன்கூட்டியே வாங்கப்படவில்லை. திரும்பும் வழியில் விலையாக வைக்கப்பட்டது.

"இப்போது ஒன்றும் வேண்டாம், சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்" என்ற பேச்சும் கடன்தான். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்பது எழுத்தில் இல்லாவிட்டால், அது எல்லை இல்லாத கடன். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பதும், 'ஆசாத் விசா' என்று ஊரில் அழைக்கப்படும், உண்மையான முதலாளி இல்லாத விசாவும் இதைவிட ஆபத்தானவை. அவற்றுக்காகக் கடன் வாங்குபவர், எந்த ஒப்பந்தமும் சம்பளமும் உறுதியில்லாத நிலையில் வட்டியை மட்டும் உறுதி செய்துகொள்கிறார்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதலாவது, கேட்கும் தொகை ரூ.35,400-க்குள் இருக்கிறதா? பயிற்சி, ஆவணக் கட்டணம், விசா, அலுவலகச் செலவு என்று தலைப்புகளைப் பிரித்துச் சொன்னாலும், முகவர் கைக்குப் போவதையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும். வரம்பை மீறினால், மீறிய ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். ரசீது தர மறுப்பவர், வங்கி வழியாகப் பணம் வேண்டாம் என்பவர், "ரூ.30,000 மட்டுமே கொடுத்தேன்" என்று பொய்யாக எழுதிக் கொடுக்கச் சொல்பவர் ஆகியோர் தாங்கள் செய்வது தவறு என்பதைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது, கடன் எத்தனை மாத மிச்சத்தில் அடையும்? சம்பளத்தை வைத்து அல்ல; அங்கத்திய செலவும் வீட்டுச் செலவும் போக மிஞ்சுவதை வைத்துக் கணக்கிட வேண்டும். முதல் சம்பளம் வரும் வரையிலான வட்டியைக் கடனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்குள் தீரும் கடன் சமாளிக்கக்கூடியது. ஓராண்டைத் தாண்டினால், ஒரு நோயோ ஒரு சம்பளத் தாமதமோ கணக்கைக் குலைத்துவிடும். ஒப்பந்தக் காலத்தையே தாண்டும் கடனை வாங்கவே கூடாது.

மூன்றாவது, சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் வட்டியையாவது கட்ட முடியுமா? மூன்றாம் மாதத்திலேயே திரும்ப நேர்ந்தால், ஊரில் கிடைக்கும் கூலியில் அந்தக் கடனை அடைக்க முடியுமா? இவற்றுக்கு 'முடியாது' என்பது விடையானால், அந்தக் கடன் தொழிலாளியின் மறுக்கும் உரிமையை அடகு வைத்து வாங்கிய கடன்.

நான்காவது, கடன் கொடுப்பவர் யார், அடகு என்ன? வங்கி நகைக்கடனில் கடைசியில் இழக்கக்கூடியது நகை மட்டுமே, வட்டியும் குறைவு. வீட்டுப் பத்திரம், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, தொகை நிரப்பாத பத்திரத்தாள் ஆகியவற்றைக் கேட்பவரிடம் இழப்புக்கு எல்லை இல்லை. முகவரே காட்டிவிடும் கடன்காரரைத் தவிர்ப்பது நல்லது. வேலை பொய்யானாலும் கடன் பொய்யாகாது. அப்போது இருவரும் ஒருவருக்கொருவர் துணை நிற்பார்கள். கேரளத்தில் உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். 'பிளேடு' என்று அங்கே அழைக்கப்படும் வட்டிக்காரர்களுக்கு எதிராக 2014-இல் மாநிலக் காவல் துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் சோதனைகளை நடத்தியது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

எங்கே சரிபார்ப்பது, எங்கே புகார் செய்வது?

முகவரின் பதிவு நடப்பில் உள்ளதா என்பதை மத்திய அரசின் emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். பெயர் மட்டும் ஒத்திருந்தால் போதாது. பதிவு எண்ணும், அலுவலக முகவரியும், தொடர்பு எண்ணும் ஒத்திருக்க வேண்டும். பெயரைத் திருடி நடத்தும் போலிகள் உண்டு. தளத்தில் காணும் எண்ணை அழைத்து, "உங்களுக்காகப் பணம் கேட்பவர் உங்கள் ஆள்தானா?" என்று கேட்டுவிடுவது எளிய சோதனை.

வேலை ஒப்பந்தத்தின் நகலைப் புறப்படும் நாளில் விமான நிலையத்தில் அல்ல, பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். அதில் முதலாளியின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், சாப்பாடு, தங்குமிடம், திரும்பும் டிக்கெட் ஆகியவை இருக்க வேண்டும். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற கட்டாயக் காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு ரூ.275, மூன்று ஆண்டுக்கு ரூ.375 தவணையில், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ ரூ.10 லட்சம் வரை இழப்பீடு கிடைக்கும். "காப்பீட்டுக்கு ஐயாயிரம்" என்று கேட்கும் முகவரின் கணக்கைச் சரிபார்க்க இந்த எண்ணே போதும்.

ஏற்கெனவே கூடுதல் பணம் கொடுத்துவிட்டவர்கள், ரசீது இல்லை என்று சும்மா இருந்துவிடத் தேவையில்லை. வங்கியிலிருந்து பணம் எடுத்த தேதி, நகை அடகுச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், உடன் வந்தவரின் சாட்சி ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தால் பணம் கைமாறியதை நிறுவ உதவும். அடகு வைத்த நாளும் முகவரைச் சந்தித்த நாளும் ஒன்றாக இருப்பது வலுவான சான்று. பயணத்துக்கு முன்பே இவற்றை நகலெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்வது பாதுகாப்பானது. வெளிநாட்டில் கைப்பேசி தொலைந்தாலும் ஆதாரம் ஊரில் இருக்கும்.

புகாரை இ-மைக்ரேட் தளத்திலோ, கொச்சி, திருவனந்தபுரம், சென்னை உள்ளிட்ட நகரங்களில் இயங்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலோ, உள்ளூர்க் காவல் நிலையத்திலோ அளிக்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா உதவி எண் 1800 11 3090. கேரளத்தைச் சேர்ந்தவர்கள் நோர்காவின் 1800 425 3939 என்ற எண்ணையும் அழைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம்.

புகாரால் பணம் உடனே திரும்பும் என்று சொல்ல முடியாது. வட்டி அதற்காகக் காத்திருக்காது. ஆகவே பணம் கொடுத்துச் சிக்கிக்கொண்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மூன்று வட்டிக் கடனைக் குறைந்த வட்டியிலான வங்கி நகைக்கடனுக்கோ, கூட்டுறவுச் சங்கக் கடனுக்கோ மாற்றிக்கொள்வதுதான். மேலே கண்ட கணக்கில் ரூ.1,63,500-க்கு மாத வட்டி ரூ.4,905. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு மாற்றினால் அதுவே ரூ.1,635 ஆகிவிடும். மாதம் மிச்சமாகும் ரூ.3,270 அசலைக் கரைக்கும். 27 மாதக் கடன் 21 மாதத்தில், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே தீரும்.